இட்லி, சாம்பார், பொரியல்... ஒரு நாளில் எவ்வளவு நார்ச்சத்து சேருது? வீட்டிலேயே கணக்குப் போடுவது எப்படி?

"நார்ச்சத்து நிறைய சாப்பிடுங்க" என்று சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரும் சொல்கிறார், மலச்சிக்கலுக்குப் பார்க்கிற டாக்டரும் சொல்கிறார். நிறைய என்றால் எவ்வளவு? தினமும் சாம்பாரும் பொரியலும் சாப்பிடுகிற வீட்டில் அது ஏற்கெனவே கிடைத்துவிடுகிறதா, இல்லையா? இதற்கு விடை தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்க்க வேண்டும். பெரிய கணக்கு இல்லை. ஆனால் பெரும்பாலானோர் முதல் வரியிலேயே தப்பு பண்ணிவிடுகிற கணக்கு.

இலக்கு எவ்வளவு?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் கீழ் வருவது. 2020-ல் வெளியான அதன் பரிந்துரை, நார்ச்சத்தை கலோரியோடு சேர்த்துச் சொல்கிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு சுமார் 30 கிராம் வேண்டும். அதாவது ஒவ்வொரு 1000 கலோரிக்கும் 15 கிராம்.

உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆணுக்கு இந்த 30 கிராம் பொருந்தும். அதே மாதிரி வேலை செய்கிற பெண்ணுக்குச் சாப்பாட்டு அளவு கொஞ்சம் குறைவு என்பதால் 25 கிராம் போதும். உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் என்றுதான் சொன்னது. வயல் வேலை, கட்டட வேலை செய்பவர்கள் சாப்பிடுவதும் அதிகம், அவர்களுக்கான இலக்கும் அதிகம்.

கணக்கு எங்கே தப்பாகிறது?

இணையத்தில் தேடினால் "துவரம்பருப்பு 100 கிராமில் 9 கிராம் நார்ச்சத்து" என்று வரும். அது சரியான எண்தான். இதைப் பார்த்துவிட்டு, "மத்தியானம் ஒரு கிண்ணம் சாம்பார் ஊத்திக்கிட்டேன், 9 கிராம் வந்தாச்சு" என்று எழுதிக்கொள்வதுதான் தப்பு.

அந்த 100 கிராம் என்பது வேகாத, உலர்ந்த பருப்பு. கடையில் வாங்கி டப்பாவில் கொட்டி வைப்பது. தட்டில் விழும் சாம்பாரில் பெரும்பகுதி தண்ணீர். நாலு பேர் உள்ள வீட்டில் சாம்பாருக்கு 100 கிராம் பருப்பு போட்டால், ஒருத்தருக்கு வருவது 25 கிராம் பருப்புதான். அதில் நார்ச்சத்து 2.3 கிராம். 9 எங்கே, 2.3 எங்கே!

சோற்றிலும் இதே கதை. 100 கிராம் அரிசி வெந்தால் கிட்டத்தட்ட 300 கிராம் சோறாகிறது. சோற்றை எடை போட்டு, அரிசிக்கான எண்ணால் பெருக்கினால் நார்ச்சத்து மூன்று மடங்காகத் தெரியும். உண்மையில் சேர்ந்தது தண்ணீர் மட்டும்.

அதனால் வீட்டுக் கணக்குக்கு ஒரே வழி, உலைக்குப் போகும் முன் அளப்பது. எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு காய் என்று பச்சையாக நிறுத்து, சாப்பிடுகிற ஆட்களால் வகுக்க வேண்டும். சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மளிகைக் கடையில் 100 கிராம் பருப்பு தனியாக வாங்கி, வீட்டு டம்ளரில் எது வரை வருகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். அதன்பிறகு டம்ளரே அளவு. காய்க்கு காம்பு, தோல் நீக்கிய எடையைத்தான் எடுக்க வேண்டும்.

"குக்கரில் குழைய வேக வைத்தால் நார்ச்சத்து போயிடுமா?" என்று சிலர் கேட்பதுண்டு. போகாது. மென்மையாகும், அவ்வளவுதான். வடிகட்டித் தூக்கிப் போடும்போதுதான் போகும். ஜூஸில் நடப்பது அதுதான்.

ராகிக்கு ஏன் இரண்டு எண்?

தேடும்போது இன்னொரு குழப்பமும் வரும். ராகி 100 கிராமில் 3.6 கிராம் என்று ஓர் இடத்தில் இருக்கும், 11 கிராம் என்று இன்னோர் இடத்தில் இருக்கும். இரண்டும் ஆய்வகத்தில் அளந்ததுதான்.

பழைய முறையில், தானியத்தை முதலில் அமிலத்திலும் பிறகு காரத்திலும் கொதிக்க வைத்து, கரையாமல் மிஞ்சும் சக்கையை மட்டும் எடை போடுவார்கள். அதைக் கச்சா நார் என்பார்கள். அந்தக் கொதியில் கரைகிற நார் எல்லாம் கணக்கிலிருந்து தப்பிவிடும். புதிய முறையில், நம் வயிற்றில் நடப்பது போல நொதிகளை வைத்துச் செரிக்கச் செய்து, செரிக்காமல் நிற்பதை எல்லாம் சேர்த்து அளக்கிறார்கள். அது உணவு நார்ச்சத்து. 30 கிராம் இலக்கு இந்த இரண்டாவது வகைக்கானது. பழைய எண்ணை வைத்துக் கூட்டினால் நன்றாகச் சாப்பிடுகிறவரும் பாதிகூடத் தேறமாட்டார்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை, புதிய முறையில் அளந்தது. கீழே வரும் கணக்கு அந்த எண்களை வைத்தே போடப்பட்டது. அரிசி நெல் ரகத்துக்கும் காய் முற்றலுக்கும் ஏற்ப எண் மாறும் என்பதால், நாள் மொத்தத்தில் ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு சாதாரண நாள்: கூட்டிப் பார்ப்போம்

நாலு பேர் உள்ள ஒரு வீடு. அதில் ஆபீஸ் போகும் 45 வயது ஆண் ஒருவரின் தட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். இலக்கு 30 கிராம்.

காலையில் நாலு சின்ன இட்லி. நாலுக்கு ஒன்று என்ற அளவில் அரைத்த மாவு. நாலு இட்லிக்குள் சுமார் 60 கிராம் புழுங்கலரிசியும் 15 கிராம் உளுத்தம்பருப்பும் இருக்கும். அரிசியிலிருந்து 2.2 கிராம், உளுந்திலிருந்து 1.8 கிராம், ஆக 4 கிராம். அரிசி உளுந்தைப் போல நான்கு மடங்கு இருந்தும் நார்ச்சத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாக வருவதைக் கவனிக்கலாம். தொட்டுக்கொள்ள தேங்காய் சட்னி. அதில் ஒருத்தர் பங்கு தேங்காய் 15 கிராம் என்றால் ஒன்றரை கிராம் நார்ச்சத்து. காலைக்கு மொத்தம் 5.5.

மதியம் 100 கிராம் புழுங்கலரிசிச் சோறு, 3.7 கிராம். சாம்பாரில் பருப்பு 25 கிராம், அதிலிருந்து 2.3. சாம்பாரில் கிடக்கும் கத்தரிக்காய் ஒருத்தர் பங்கு 25 கிராம், அதிலிருந்து 1. முட்டைகோஸ் பொரியல், கால் கிலோ கோஸை நாலாகப் பிரித்தால் ஒருத்தருக்குக் கிட்டத்தட்ட 60 கிராம், அதிலிருந்து 1.7. ரசத்திலும் மோரிலும் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை. மதியத்துக்கு மொத்தம் 8.7.

மாலையில் டீ, கூடவே மூன்று மைதா பிஸ்கட். அரை கிராம்.

இரவு இரண்டு தோசை, தக்காளி சட்னி. தோசைக்கு 3.3, சட்னிக்கு 1. மொத்தம் 4.3.

எல்லாவற்றையும் கூட்டினால் 19 கிராம். மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு, சாம்பார், பொரியல் எல்லாம் இருந்தும் 11 கிராம் துண்டு விழுகிறது.

இதே நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்து மதியம் சிக்கன் பிரியாணி என்றால்? 150 கிராம் பச்சரிசி வகைக்கு 4.2, வெங்காயத் தயிர்ப்பச்சடிக்கு ஒன்று. கோழி, மீன், மட்டன், முட்டை, பால், தயிர் எதிலுமே நார்ச்சத்து கிடையாது, சைபர்தான். வயிறு முட்டச் சாப்பிட்ட வேளையில் 5 சொச்சம்தான் வரும்.

11 கிராமை எங்கிருந்து பிடிப்பது?

பட்டியலைத் திரும்பப் பார்த்தால் ஓட்டை இருக்கும் இடம் தெரிகிறது. மாலை டீ வேளை கிட்டத்தட்ட காலி. அங்கே பிஸ்கட்டுக்குப் பதில் கொண்டைக்கடலை சுண்டல் வந்தால் என்ன ஆகிறது?

ஊற வைக்கும் முன் 30 கிராம் கொண்டைக்கடலை, அதாவது ஒரு கைப்பிடி. அதில் ஏழரை கிராம் நார்ச்சத்து. மதியச் சாப்பாடு முழுக்கக் கொடுத்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு. இந்த ஒரே மாற்றத்தில் 19 என்பது 26 ஆகிவிடுகிறது.

இவ்வளவு எப்படி என்றால், தோல். கொண்டைக்கடலை 100 கிராமில் 25 கிராம் நார்ச்சத்து. அதையே தோல் நீக்கி உடைத்தால் கடலைப்பருப்பு, அப்போது 15 தான். முழுத் துவரையில் 22 சொச்சம், நாம் வாங்கும் துவரம்பருப்பில் 9. பச்சைப்பயறு 17, பாசிப்பருப்பு 9 சொச்சம். கறுப்பு உளுந்து 20, வெள்ளை உளுந்து 12. பாசிப்பருப்பாக வாங்குவதைப் பச்சைப்பயறாக வாங்கினாலே வித்தியாசம் தெரியும். கறுப்பு உளுந்தை ஊற வைத்து, தோலை அலசிக் கொட்டிவிட்டு அரைத்தால் மட்டும் பலன் இல்லை. தோலோடு அரைக்க வேண்டும், இட்லி கொஞ்சம் கறுத்துத்தான் வரும்.

ஒரு விதிவிலக்கு கொள்ளு. ஊரெல்லாம் புகழ்கிற முழுப்பயறுதான், ஆனால் இந்த அட்டவணைப்படி 100 கிராமுக்கு 8 கிராம் சுமாருக்குத்தான் வருகிறது. கொள்ளு ரசம் என்று தெளிந்த தண்ணீரை மட்டும் குடித்தால் அதுவும் இல்லை.

அடுத்தது பொரியல். இங்கே காயின் வகையைவிட அளவுதான் பிரச்சினை. தட்டின் ஓரத்தில் இரண்டு ஸ்பூன் என்பது 60 கிராமைத் தாண்டாது. கோஸுக்குப் பதில் பீன்ஸ், அதுவும் ஒருத்தருக்கு 100 கிராம் என்று வைத்தால் 4.4 கிராம் கிடைக்கும். 1.7 இருந்த இடத்தில் 4.4. கேரட், வெண்டைக்காய், கொத்தவரங்காய் எல்லாமே 100 கிராமுக்கு 4-ஐத் தாண்டும். சுரைக்காய், வெள்ளரிக்காய் மாதிரி நீர்க்காய்கள் 2 கிராம் அளவில்தான் நிற்கும். முருங்கைக்கீரை 8 கிராம். முருங்கைக்காய்க்கும் பெரிய எண் போட்டிருப்பார்கள், ஆனால் மென்று துப்புகிற சக்கை யாருடைய வயிற்றுக்கும் போவதில்லை, கணக்கில் எழுதக் கூடாது.

மூன்றாவது, இரவு. இரண்டு தோசையின் இடத்தில் இரண்டு கோதுமைச் சப்பாத்தி வந்தால், 60 கிராம் மாவுக்கு 6.8 கிராம். தோசையைப்போல இரண்டு மடங்கு. அதே 60 கிராம் மைதாவில் பரோட்டா போட்டால் 1.7 மட்டும். மாவை சலித்துத் தவிட்டைக் கொட்டுகிற வீடுகளில் சப்பாத்தியும் பரோட்டா பக்கம் நகர்ந்துவிடும், ஏனென்றால் நார்ச்சத்து பெரும்பாலும் அந்தத் தவிட்டில்தான் இருக்கிறது.

திருத்திய நாள் எப்படி வருகிறது?

காலை இட்லி, தேங்காய் சட்னியைத் தொடவில்லை, 5.5. மதியம் சோறு, சாம்பார் அப்படியே, பொரியல் மட்டும் 100 கிராம் பீன்ஸ், ஆக 11.4. மாலை சுண்டல் 7.5. இரவு சப்பாத்தி, தக்காளி சட்னி 7.8. மொத்தம் 32 கிராம். இலக்கைத் தாண்டியாச்சு.

சப்பாத்தி ஒத்து வராது, தோசைதான் வேண்டும் என்றால்? இரவுக் கணக்கு பழையபடி 4.3 ஆகும், மொத்தம் 28.7-க்கு இறங்கும். கூட ஒரு நடுத்தர வாழைப்பழம் சாப்பிட்டால் ஒன்றரை கிராம் சேர்ந்து 30 வந்துவிடும். மலச்சிக்கலுக்கு முதல் மருந்து என்று பெயர் வாங்கிய வாழைப்பழத்தில் ஒன்றரை கிராம்தானா என்று ஆச்சரியமாக இருக்கலாம். 100 கிராம் கொய்யாவில் 8 கிராம் இருக்கிறது, விதையோடு சேர்த்து. சுண்டல் செய்ய நேரமில்லாத நாளில் ஒரு கொய்யாப்பழம் அந்த இடத்தை நிரப்பிவிடும். ஆரஞ்சில் 100 கிராமுக்கு ஒன்றரை கிராம்கூட இல்லை, அதைப் பிழிந்து வடிகட்டிவிட்டால் இன்னும் மோசம்.

காலை இட்லியைக் கைவிட்டு ஓட்ஸுக்கு மாற வேண்டிய அவசியம் எங்கேயும் வரவில்லை என்பதையும் பார்க்கலாம். சிறுதானியம் பிடித்தவர்கள் கம்பங்கூழ் குடிக்கலாம், 50 கிராம் கம்புக்கு 5.7 கிராம் நார்ச்சத்து வரும். ஆனால் வெள்ளையாகத் தீட்டிய சாமையும் வரகும் வாங்கிவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

'நார்ச்சத்து நிறைந்தது' பிஸ்கட் உதவுமா?

பாக்கெட்டில் அப்படிப் போட ஒரு கணக்கு இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி, 100 கிராமில் 3 கிராம் இருந்தால் 'நார்ச்சத்து உள்ளது' என்றும், 6 கிராம் இருந்தால் 'நார்ச்சத்து அதிகம்' என்றும் போடலாம். யாரும் டீயோடு 100 கிராம் பிஸ்கட் சாப்பிடுவதில்லை. மூன்று பிஸ்கட் 25 கிராம் என்று வைத்தால் கிடைப்பது ஒன்றரை கிராம், ஒரு வாழைப்பழம் அளவு. கூடவே சர்க்கரையும் எண்ணெயும். பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கான எண்ணைப் பார்த்து, தான் சாப்பிடும் எடைக்கு மாற்றினால்தான் உண்மை தெரியும்.

ஒரே நாளில் 19-லிருந்து 32-க்குத் தாவலாமா?

கூடாது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் இந்த நாரை நொதிக்க வைக்கும்போது வாயு உண்டாகிறது. திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும், வாயு பிரியும், சிலருக்குப் பிடித்துக்கொண்டு வலிக்கும். "சுண்டல் எனக்கு ஒத்துக்கல" என்று மூன்றாம் நாள் நிறுத்திவிடுகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை சுண்டல் இல்லை, வேகம்தான்.

வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். முதல் வாரம் பொரியல் அளவைக் கூட்டுங்கள். அடுத்த வாரம் 15 கிராம் கடலையில் சுண்டல், அதற்கடுத்த வாரம் 30. கடலையை இரவு முழுக்க ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நசுக்கினால் மாவாகிற அளவு வேக வைத்தால் வாயுத் தொல்லை குறையும். தண்ணீர் குடிப்பதும் கூட வேண்டும். நார் தண்ணீரை இழுத்துக்கொண்டுதான் மலத்தை இளக்குகிறது. தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் போவதற்குப் பதில் இறுகிப்போகவும் செய்யும். மலம் இளகிச் சிரமமில்லாமல் போக ஆரம்பித்தால் அளவு சரியாகப் போகிறது என்று அர்த்தம். கெட்டியாகவே இருந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

யார் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது?

சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு பயறு, கீரை, பழங்களில் உள்ள பொட்டாசியம் சிக்கலாகலாம். அவர்களுடைய கணக்கே வேறு. குடலில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், குடல் சுருக்கம் இருப்பவர்கள் தாங்களாகக் கூட்டக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, புதிதாக ஆரம்பித்த மலச்சிக்கல் ஆகியவை இருந்தால் சுண்டலைக் கூட்டிப் பார்ப்பதற்கு முன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைத்து, பயறும் காயும் கூட்டும்போது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை அளவு மாறலாம். அந்த வாரங்களில் அளவைப் பார்த்து, டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் போட்டு, சாப்பாட்டுக்குக் குறைந்தது அரை மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இசப்கோல் போன்ற நார்ப் பொடியை அந்த மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மருந்து உடம்பில் சேருவது குறையும். அதைக் குடிப்பதாக இருந்தால் இரவு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.